எது எத்தனை நாள் பிடிக்கும் என்று டிசைனருக்குச் சொல்லுங்கள்

கேள்வி: வணக்கம். ரத்தப் பரிசோதனைக்கு வீட்டுக்கே வந்து மாதிரி எடுக்கும் ஒரு ஆப்பில் ஆண்ட்ராய்டு டெவலப்பராக இருக்கிறேன். நேரம் பதிவு செய்யும் ஸ்க்ரீனை எங்கள் டிசைனர் ரொம்ப அழகாக வரைந்து கொடுத்திருக்கிறார். முழு மாதக் காலண்டர், ஒவ்வொரு தேதிக்குக் கீழும் எத்தனை இடம் காலி என்ற எண், விரலால் சுற்றித் திருப்பும் நேர வட்டம், ஸ்க்ரோல் செய்தால் காலண்டர் ஒரு வாரமாகச் சுருங்குவது என எல்லாம் இருக்கிறது. இன்று திங்கள். ரிலீஸுக்கு இன்றையும் சேர்த்து 8 வேலை நாள்தான். என் கணக்கில் 15 நாள் ஆகும். "டிசைன் காம்ப்ளெக்ஸாக இருக்கிறது, இந்த டைம்லைனில் முடியாது, தயவுசெய்து சிம்பிள் ஆக்கித் தாருங்கள்" என்று மெயில் எழுதி டிராஃப்டில் வைத்திருக்கிறேன். போன முறை இப்படி எழுதியபோது அவர் வருத்தப்பட்டார். அவர் என்னைவிட சீனியர். எப்படி எழுதுவது? மேனேஜரை காப்பியில் போடலாமா?
(ஆண்ட்ராய்டு டெவலப்பர், கோயம்புத்தூர்)

பதில்:

அந்த டிராஃப்டை அனுப்பாதீர்கள். மரியாதையில் அதற்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு உங்கள் டிசைனர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். எதை எடுத்தால் உங்களுக்கு நாள் மிச்சமாகும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு வேறு வழியில்லாமல், கண்ணுக்கு அதிகமாகத் தெரிவதை எடுக்க ஆரம்பிப்பார்.

எனக்கு இது நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு டெலிவரி ஆப்பில், ஆர்டர் எங்கே வருகிறது என்று காட்டும் ஸ்க்ரீனுக்கு இதே மாதிரி ஒரு மெயில் அனுப்பினேன். டிசைனர் இரண்டு நாள் உட்கார்ந்தார். பொருள்களின் படங்களை எடுத்தார், இரண்டு கார்டை ஒன்றாக்கினார், நிழல்களை நீக்கினார், மூன்று நிறத்தை ஒன்றாகக் குறைத்தார். புது வரைபடம் வந்ததும் கணக்குப் போட்டேன். எனக்கு மிச்சமானது அரை நாள். என் நாள்களையெல்லாம் தின்றது மேப்பில் நகரும் ஒரு சின்ன பைக் படம். சர்வரிலிருந்து இடம் முப்பது வினாடிக்கு ஒரு முறைதான் வரும். நடுவில் அந்த பைக் வீடுகளுக்கு மேலே பறக்காமல் தெரு வழியாகவே போக வேண்டும். அதை அவர் தொடவே இல்லை, ஏனென்றால் வரைபடத்தில் அது ஒரு சின்னப் படம், அவ்வளவுதான். தவறு முழுக்க என்னுடையது. அதற்குத்தான் ஐந்து நாள் ஆகும் என்று எனக்கு மட்டுமே தெரியும், நான் அதைச் சொல்லவில்லை.

ஃபிக்மாவில் பார்க்கும்போது எது செலவு என்று தெரியாது. நிழலோடு கூடிய பெரிய கார்டு அரை மணி நேர வேலையாக இருக்கும், தேதிக்குக் கீழே உள்ள இரண்டு இலக்க எண் ஒரு வாரம் இழுக்கும். அதனால் மெயிலுக்கு முன்னால் உங்கள் 15 நாளைப் பிரித்து எழுதுங்கள். நீங்கள் சொன்னதை வைத்து நான் பிரித்துப் பார்த்தேன். உங்கள் எண்கள் கொஞ்சம் மாறலாம்.

குடும்பத்தில் யாருக்குப் பரிசோதனை என்று தேர்ந்தெடுப்பதும் முகவரியும் சேர்த்து 1 நாள். தேர்ந்தெடுத்த நாளின் நேரப் பட்டியல் 1 நாள். இடம் நிரம்பியது, நெட் போனது மாதிரியான நிலைகளுக்கு 1 நாள். டெஸ்டிங்கும் திருத்தமும் 2 நாள். ஆக 5. இது எந்த டிசைன் வந்தாலும் மாறாது. மிச்சம் 10 நாளில் மாதக் காலண்டர் 5, நேர வட்டம் 3, ஸ்க்ரோலில் சுருங்குவது 2. அதாவது உங்கள் பிரச்சினை அந்த ஸ்க்ரீன் முழுவதிலும் இல்லை, மூன்றே விஷயத்தில் இருக்கிறது. மூன்றாவது முதலாவதைச் சார்ந்தது. பெரிய காலண்டர் இல்லையென்றால் சுருக்க எதுவும் இருக்காது. ஆக, டிசைனரிடம் நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது காலண்டரையும் வட்டத்தையும் பற்றி மட்டும்தான்.

அந்தக் காலண்டருக்கு ஏன் 5 நாள் என்பதையும் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். "கஸ்டம் காம்பொனன்ட், அதனால் கஷ்டம்" என்றால் அவர் காதில் அது சாக்காகத்தான் விழும். அவர் தினமும் கையாளும் அளவுகளிலேயே சொல்லுங்கள். நிறைய ஆண்ட்ராய்டு போன்களின் அகலம் 360 டிபி. இரண்டு பக்கமும் 16 விட்டால் மீதி 328. ஏழு நாளுக்குப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு 47-க்கும் சற்றுக் குறைவு. விரலால் தொடும் இடம் குறைந்தது 48 டிபி இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் பரிந்துரை. ஆக, கட்டம் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறது, அதற்குள் தேதியும் எண்ணும் இரண்டு வரியாக உட்கார வேண்டும். இப்போது போனில் எழுத்தளவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14-லிருந்து 200 சதவீதம் வரை போகலாம். ரத்தப் பரிசோதனை ஆப்பைத் திறப்பவர்களில் அப்படிப் பெரிதாக வைத்திருக்கும் வயதானவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். கீழே உள்ள எண் வெட்டுப்படும், அல்லது பக்கத்துக் கட்டத்தில் இடிக்கும். அப்புறம் மாதத்துக்கு மாதம் உயரம் மாறும். ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும் காலண்டரில் 2026 ஆகஸ்ட் சனிக்கிழமை ஆரம்பிப்பதால் ஆறு வரிசை எடுக்கும், அவர் வரைந்தது ஐந்து வரிசையாக இருக்கலாம். பெரிய எழுத்தில் எடுத்த ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினால், பத்து வரி விளக்கம் செய்யாததை அது செய்யும்.

இதைவிடப் பெரிய காரணம் சர்வர். உங்கள் சர்வர் ஒரு நாளுக்கு எத்தனை இடம் காலி என்பதை அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான் கொடுக்கும் என்று ஊகிக்கிறேன், இப்படிப்பட்ட ஆப்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அனுப்புவதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியானால் ஒரு மாதத்தைக் காட்ட முப்பது முறை கேட்க வேண்டும். அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் இன்னொரு முப்பது. மெதுவான நெட்டில் எண்கள் ஒவ்வொன்றாக வந்து விழும், சில வராமலே போகும். மாதம் முழுவதையும் ஒரே பதிலில் தரச் சொல்லலாம், ஆனால் அது சர்வர் டீமின் வேலை, அவர்கள் திட்டத்தில் அது இருக்காது. டிசைனருக்கு இதைச் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது. இதை ஒருமுறை தெரிந்துகொண்டால், அடுத்த ஸ்க்ரீனை வரையும்போது அவரே உங்களிடம் முதலில் கேட்பார்.

சரி, இனி மெயிலுக்கு வருவோம். அதற்கும் முன்னால், இன்றே அவர் இடத்துக்குப் போய் அல்லது போனில் பதினைந்து நிமிடம் பேசுங்கள். போன முறை அவர் வருத்தப்பட்டதற்கு நீங்கள் எழுதிய சொற்கள் மட்டும் காரணமாக இருக்காது. மூன்று வாரம் யோசித்து வரைந்ததைப் பற்றி முதல் செய்தியே இன்பாக்ஸில் வந்தால் யாருக்கும் மனசு சங்கடப்படும். பேசும்போது உங்கள் மாற்று யோசனையை முதலில் எடுக்காதீர்கள். ஒரு கேள்வி கேளுங்கள்: "தேதிக்குக் கீழே அந்த எண் எதற்காக வைத்தீர்கள்?"

அதன் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. "மாதம் முழுவதும் தெரிந்தால் அழகாக இருக்கும்" என்று சொல்லமாட்டார் என்பது என் கணிப்பு. "ஒவ்வொரு நாளாகத் தட்டிப் பார்த்து, எல்லாம் நிரம்பியிருக்கிறது என்று ஆப்பை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள்" என்பது போல ஏதாவது சொல்வார். அப்படியென்றால் அவருக்கு வேண்டியது எண் இல்லை. காலியான நாளைத் தேடி அலையவிடக் கூடாது, அதுதான் வேண்டும். அந்தத் தேவையை வேறு விதமாகத் தீர்க்க முடியும்: ஒரு வாரப் பட்டை போதும், ஸ்க்ரீன் திறக்கும்போதே காலியிடம் உள்ள முதல் நாளில் போய் நிற்கட்டும். ஆப் இன்றைக்குக் கேட்கும், இடம் இல்லையென்றால் நாளைக்குக் கேட்கும். அதிகபட்சம் ஏழு முறை, பெரும்பாலும் ஒன்றிரண்டிலேயே கிடைத்துவிடும். சர்வரில் எதையும் மாற்ற வேண்டாம். பட்டையும் இந்தத் தேடலும் சேர்த்து ஒன்றரை நாள்.

வட்டத்தைப் பற்றியும் இதே கேள்விதான். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய சர்க்கரைப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அதனால் நிறைய பேருக்கு விடியற்காலை நேரம்தான் வேண்டும். அதை விரைவாக எட்டுவதற்காகவே அவர் வட்டம் வரைந்திருக்கலாம். ஆனால் விரலால் சுற்றும்போது ஸ்க்ரீனும் மேலே கீழே நகரப் பார்க்கும், இரண்டையும் பிரித்து வைக்கவே ஒரு நாள் போய்விடும். விரல் எண்ணையே மறைக்கும். டாக்பேக் வைத்துக் கேட்டுப் பயன்படுத்துபவர்களுக்கு வட்டத்துக்கு இணையாக இன்னொரு வழியும் செய்ய வேண்டும். காலை, மதியம், மாலை என்று மூன்று பட்டன், அதில் காலை முன்பே தேர்வாகியிருக்கும் என்றால் அரை நாளில் முடியும், தட்டுவதும் குறையும்.

இன்னொரு மாற்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மாற்று என்றால் அது கேள்வியாக இருக்காது, அறிவிப்பாகிவிடும். கம்போஸில் ரெடிமேடாக உள்ள `DatePicker` மாதக் காலண்டரையே தரும். நிறங்களை மாற்றலாம், பழைய தேதிகளைத் தேர்வு செய்ய முடியாமல் வைக்கலாம், ஆனால் தேதிக்குக் கீழே எண் போட இடம் இல்லை. இதற்கு 1 நாள். (ரெடிமேடு என்றாலும் கவனம் தேவை: அது தேதியை யுடிசி கணக்கில் வைத்துக்கொள்ளும். இந்திய நேர நள்ளிரவை அப்படியே கொடுத்தால் நேற்றைய தேதியைக் காட்டும்.) பார்க்க அவர் வரைந்ததைப் போலவே இருக்கும், ஆனால் காலியான நாளைத் தேடும் அலைச்சல் அப்படியே நிற்கும். எது முக்கியம் என்று தீர்மானிப்பது அவர் வேலை. உங்கள் விருப்பத்தைச் சொல்லலாம், தப்பில்லை.

பேசிய பிறகு மெயில். உங்கள் ஆபீஸில் மெயில் ஆங்கிலத்தில் போகும் என்றால் அப்படியே எழுதுங்கள், விஷயம் இந்த வரிசையில் இருந்தால் போதும்:

"தலைப்பு: நேரப் பதிவு ஸ்க்ரீன்: காலண்டர், நேர வட்டம் பற்றி நாளை மாலைக்குள் உங்கள் முடிவு தேவை

வணக்கம்,

காலையில் பேசியதன் தொடர்ச்சி. இந்த ஸ்க்ரீனை வரைந்தபடி முழுவதும் செய்ய எனக்கு 15 நாள் ஆகும், நம்மிடம் இருப்பது 8. இதைப் போன வாரம் வரைபடம் வந்த அன்றே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும், தாமதம் என்னுடையது.

அதிக நாள் எடுப்பவை மூன்று மட்டுமே: எண்களோடு கூடிய மாதக் காலண்டர் (5 நாள்), நேர வட்டம் (3), ஸ்க்ரோலில் சுருங்குவது (2). மற்ற எல்லாம் நீங்கள் வரைந்தபடியே வரும், எதையும் குறைக்க வேண்டாம். காலண்டருக்கு நாள் கூடுவதற்குக் காரணம், சர்வர் ஒரு நேரத்தில் ஒரு நாளின் காலியிடத்தை மட்டுமே தருகிறது. பெரிய எழுத்தில் எண் வெட்டுப்படுவதையும் ஸ்க்ரீன்ஷாட்டாக இணைத்துள்ளேன்.

காலியான நாளைத் தேடி அலையக் கூடாது என்பதே முக்கியம் என்றீர்கள். அதை வைத்து இரண்டு வழி:

அ. ஒரு வாரப் பட்டை. திறந்ததும் காலியிடம் உள்ள முதல் நாளில் நிற்கும். நேரத்துக்குக் காலை, மதியம், மாலை பட்டன்கள். மொத்தம் 7 நாள்.

ஆ. எண் இல்லாத ரெடிமேடு மாதக் காலண்டர், அதே மூன்று பட்டன்கள். மொத்தம் ஆறரை நாள். ஆனால் எந்த நாள் காலி என்று முன்கூட்டியே தெரியாது.

எனக்கு அ சரியாகப் படுகிறது. உங்களுக்கு மூன்றாவது வழி தோன்றினால் சொல்லுங்கள், உடனே நாள் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

இன்றும் நாளையும் எப்படியும் மாறாத பகுதிகளைச் செய்கிறேன். காலண்டர் வேலை புதன் காலை தொடங்க வேண்டும், அதனால்தான் நாளை மாலை. முழுதாகத் திரும்ப வரைய வேண்டாம், இருக்கும் ஸ்க்ரீன் மேலேயே குறித்துக் கொடுத்தால் போதும்."

இதில் "காம்ப்ளெக்ஸ்" என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை, கவனித்தீர்களா? அது அவர் வேலையைப் பற்றிய தீர்ப்பு. நாள் கணக்கு உங்கள் வேலையைப் பற்றிய தகவல். தாமதத்தை ஒப்புக்கொள்ளும் வரியையும் உண்மையாக இருந்தால் மட்டும் வையுங்கள். வரைபடம் நேற்றுதான் கைக்கு வந்தது என்றால் அது வேண்டாம்.

"அடுத்த ரிலீஸில் முழு டிசைனையும் செய்துவிடுகிறேன்" என்றும் எழுதவில்லை. அது உங்கள் கையில் இல்லை. அடுத்த ரிலீஸில் வேறு வேலை வந்து நிற்கும், அவரும் அதைப் பலமுறை பார்த்திருப்பார். அதனால் அ வழி ஒரு வருடம் அப்படியே இருந்தாலும் பயன்படுத்துபவருக்குக் குறை தெரியாத அளவு முழுமையாக இருக்க வேண்டும். அவர் விரும்பினால், மாதம் முழுவதையும் ஒரே பதிலில் தரும் வேலையை சர்வர் டீம் பெயரில் ஒரு டிக்கெட்டாகப் போட்டு, அந்த டிக்கெட் எண்ணை மெயிலில் சேர்த்துவிடுங்கள். அது இருந்தால்தான் "அப்புறம்" என்பதற்கு அர்த்தம் உண்டு.

மேனேஜரை காப்பியில் போடுவது பற்றி. பேசுவதற்கு முன் போட்டால் புகார் மாதிரி இருக்கும். பேசி முடித்த பிறகு போடலாம், ஆனால் டிசைனரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்: "புராடக்ட் மேனேஜரையும் சேர்க்கிறேன், அவர் இந்தக் காலண்டரை வெளியே யாருக்காவது காட்டியிருந்தால் தெரிய வேண்டும்." அது வெறும் சாக்கும் இல்லை. வாடிக்கையாளர் கூட்டத்தில் அந்த ஸ்க்ரீன் ஏற்கெனவே காட்டப்பட்டிருந்தால், மாற்றத்தைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஒன்றை மட்டும் குறைக்காதீர்கள், அவரே குறைக்கச் சொன்னாலும். தவறு நடக்கும் நிலைகளுக்கென்று வைத்த அந்த 1 நாள். நேரம் நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான், ஃபிக்மாவில் அந்த நிலைகள் பெரும்பாலும் வரையப்பட்டிருக்காது என்பதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். உங்கள் ஸ்க்ரீனில் கட்டாயம் நடக்கப்போவது இது: இரண்டு பேர் ஒரே நேரத்தில் காலை 6.30-ஐத் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவருக்குக் கிடைக்கும், இன்னொருவரை சர்வர் மறுக்கும். அப்போது "ஏதோ தவறு நடந்தது" என்று வந்தால் அவர் அதே பட்டனை நாலு முறை தட்டுவார். "இந்த நேரம் இப்போதுதான் நிரம்பியது" என்று சொல்லி, பட்டியலைப் புதுப்பித்து, பக்கத்து நேரத்தைக் காட்ட வேண்டும். ஏழு நாளும் நிரம்பியிருந்தால் என்ன காட்டுவது என்பதும் அப்படித்தான், அ வழியில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். இந்த இரண்டுக்கும் வாசகம் வேண்டும் என்று பதினைந்து நிமிடப் பேச்சிலேயே டிசைனரிடம் கேளுங்கள். எடுக்கச் சொல்லி மட்டும் வருபவராக இல்லாமல், சேர்க்கவும் கேட்பவராக அவர் உங்களைப் பார்ப்பார்.

அவர் இரண்டு வழியையும் மறுத்து, எண்கள் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லலாம். அதற்கு வலுவான காரணமும் இருக்கலாம். அப்போது வாதாடாதீர்கள். எண்கள் வேண்டுமென்றால் ரிலீஸ் தள்ளிப்போக வேண்டும், அல்லது இந்த ரிலீஸிலிருந்து வேறு ஏதாவது வெளியே போக வேண்டும். அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் புராடக்ட் மேனேஜர், நீங்கள் இருவரும் அல்ல. மூன்று பேரும் பத்து நிமிடம் உட்கார்ந்து, உங்கள் நாள் கணக்கை நடுவில் வைத்துப் பேசினால் முடியும். நாளை மாலை வரை பதிலே வரவில்லையென்றால், நீங்களாக அ-வை ஆரம்பித்துவிடாதீர்கள். புதன் காலை வேலையில் உட்காரும் முன் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.